ஜீவனாம்சப் பிடித்தம்: சம்பளத்தில் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் வேலை பார்ப்பவருக்குக் குழந்தைப் பராமரிப்புப் பணம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தால், அந்தத் தொகையைப் பெரும்பாலும் கம்பெனியே சம்பளத்தில் பிடித்து மாநில அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அதற்குக் கூட்டரசு சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு, அங்கே அதுதான் செல்லும்.

முதலில் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: "கைக்கு வரும் சம்பளம்" என்றால் வங்கிக்கு வரும் தொகை என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டக் கணக்கில் அப்படி இல்லை. வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் மாதிரி சட்டப்படி கட்டாயமான பிடித்தங்களை மட்டும்தான் கழிக்க வேண்டும். நீங்களாகச் சேர்ந்த ஓய்வூதியச் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் கழியாது.

ஒரு கணக்கு பார்ப்போம். இரண்டு வாரச் சம்பளம் 3,000 டாலர், வரிகள் எல்லாம் சேர்த்து 600, ஓய்வூதியச் சேமிப்பும் காப்பீடும் 350. வங்கிக்கு வருவது 2,050. ஆனால் நமக்கு வேண்டிய எண் 2,400.

அடுத்து, அந்த எண்ணில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் பிடிக்கலாம் என்ற விகிதம். பணம் கட்டுபவர் வேறொரு வாழ்க்கைத் துணையையோ குழந்தையையோ பராமரிக்கிறார் என்றால் 50 சதவீதம், இல்லையென்றால் 60. கட்டாமல் நின்றுபோன பாக்கி 12 வாரத்துக்கு மேல் பழையது என்றால் இரண்டிலும் 5 சதவீதம் கூடும். நம்ம ஆளுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, பாக்கியும் சமீபத்தியது. ஆக 2,400-ல் பாதி, 1,200. வங்கித் தொகையில் பாதி என்று போட்டிருந்தால் 1,025 வந்திருக்கும், ஒவ்வொரு சம்பளத்திலும் 175 டாலர் குறையும்!

இப்போது உத்தரவோடு ஒப்பிடுங்கள். நடப்புத் தொகை 900, பழைய பாக்கிக்கு 400, மொத்தம் 1,300 கேட்கிறது என்று வைப்போம். 1,200-தான் பிடிக்க முடியும். முதலில் நடப்புத் தொகை 900 முழுசாகப் போகும், மீதி 300 பாக்கிக்கு. அதே பாக்கி 12 வாரம் தாண்டியிருந்தால் வரம்பு 55 சதவீதம், அதாவது 1,320, அப்போது 1,300-ம் அப்படியே போய்விடும். உத்தரவே 1,000 டாலர்தான் என்றால் 1,000 மட்டும்தான் பிடிப்பார்கள். வரம்பு வரை பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, இதை நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

பிடித்த பணத்தைக் கம்பெனி 7 வேலை நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அப்படிப் போகிறதா என்று சீட்டில் உள்ள தொகையையும் மாநிலக் கணக்கில் வரவு வைத்த தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், இந்தப் பிடித்தத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கக்கூடாது.

வரம்பு இடித்ததால் பிடிக்காமல் விட்ட 100 டாலர் தள்ளுபடி ஆகிவிடாது, பாக்கியிலேயே நிற்கும். சம்பளம் குறைந்து தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் உத்தரவை மாற்றச் சொல்லி உடனே மனு போடுங்கள், ஏனென்றால் மனு போட்டு எதிர்த் தரப்புக்குத் தெரிவிப்பதற்கு முன்னால் சேர்ந்துவிட்ட பாக்கியை நீதிமன்றமே பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது.