மருத்துவக் காப்பீட்டில் டிபிஏவின் பங்கு: எந்தச் சிக்கலுக்கு யாரை அணுக வேண்டும்?

மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகச் செலுத்தும் கேஷ்லெஸ் முறையில் சிகிச்சை பெறும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே மேசையின் முன் நின்று எல்லாக் கேள்விகளையும் கேட்கிறார்கள். மருத்துவமனையின் தரைத்தளத்தில் 'டிபிஏ டெஸ்க்' என்ற பலகையுடன் இருக்கும் அந்த மேசையில் அமர்ந்திருப்பவர்கள் பொதுவாக மருத்துவமனையின் ஊழியர்கள். உங்கள் கோப்பை அனுப்புவதும் பதிலை வாங்கித் தருவதுமே அவர்களுடைய வேலை. தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. இது தெரியாததால்தான் பலர் பதில் சொல்ல முடியாதவரிடம் மணிக்கணக்கில் வாதாடிக் களைத்துப் போகிறார்கள்.

டிபிஏ, அதாவது மூன்றாம் தரப்பு நிர்வாகி என்பது, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் பதிவு பெற்ற தனி நிறுவனம். காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் முன்அனுமதிக் கோரிக்கையைப் பரிசீலிப்பது, ஆவணங்களைச் சரிபார்ப்பது, பாலிசி விதிகளின்படி எவ்வளவு தரலாம் என்று கணக்கிடுவது ஆகியவை அதன் பணிகள். டிபிஏக்களுக்கான 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, ஒரு டிபிஏ கோரிக்கைத் தொகையைத் தானே வழங்கவோ, கோரிக்கையைத் தானே நிராகரிக்கவோ கூடாது. பணம் காப்பீட்டு நிறுவனத்துடையது. இறுதி முடிவும் அதனுடையதே. சில நிறுவனங்கள் டிபிஏ இல்லாமல் தங்கள் சொந்தப் பிரிவின் மூலமே இந்தப் பணியைச் செய்கின்றன. உங்கள் பாலிசி எந்த வகை என்பதைக் காப்பீட்டு அடையாள அட்டை காட்டிவிடும்.

முதல் படி: மூன்று எண்களை எழுதி வையுங்கள்

பாலிசி எண், அட்டையில் உள்ள உறுப்பினர் எண், முன்அனுமதி அனுப்பியபின் கிடைக்கும் கோரிக்கை எண் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். கோரிக்கை எண் இல்லாமல் டிபிஏவின் உதவி எண்ணை அழைத்தால் பயனுள்ள பதில் கிடைப்பது கடினம். அட்டையில் பெயரோ வயதோ தவறாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையோ முகவரையோ அணுகுங்கள். பாலிசியில் உள்ள விவரத்தை டிபிஏவால் மாற்ற முடியாது. அலுவலகத்தின் குழுக் காப்பீடாக இருந்தால் மனிதவளப் பிரிவின் வழியாகச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்

தாமதம் ஏற்படும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கை கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும்.

ஆனால் இந்த நேரம் கோரிக்கை போய்ச் சேர்ந்த கணத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. காலையில் மருத்துவர் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்னாலும், மருத்துவமனை இறுதி பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பிற்பகலில்தான் அனுப்பியிருக்கலாம். ஆகவே எந்த நேரத்தில் அனுப்பப்பட்டது என்பதை மேசையில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதே நேரத்தை டிபிஏவின் உதவி எண்ணிலும் உறுதிசெய்யுங்கள். இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் மருத்துவமனையின் பில்லிங் பிரிவிடம் பேசுங்கள். டிபிஏ 'க்வெரி' எழுப்பியிருந்தால், அதாவது கூடுதல் விளக்கம் கேட்டிருந்தால், பதில் எழுத வேண்டியவர் பெரும்பாலும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே. 'இந்த நோய் எப்போதிலிருந்து இருக்கிறது?' என்பது அடிக்கடி வரும் கேள்வி. அதற்கான பதில் கோரிக்கையின் போக்கையே மாற்றக்கூடும் என்பதால், பதிவில் எழுதப்பட்ட காலம் சரியானதா என்பதை அனுப்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிடித்தத்தை வரிவரியாகப் பாருங்கள்

மிகுதியான குழப்பம் இங்கேதான் எழுகிறது என்பதால் ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருடைய காப்பீட்டுத் தொகை 5 லட்சம் ரூபாய். அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பித்தப்பை அறுவைக்காக அவர் 6,000 ரூபாய் அறையில் மூன்று நாள் தங்குகிறார். மொத்த பில் 1,20,000 ரூபாய்: அறைக்கு 18,000, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு போன்றவற்றுக்கு 60,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் 36,000, காப்பீட்டில் சேராத பொருள்களுக்கு 6,000. டிபிஏவின் கடிதத்தில் 95,000 ரூபாய்க்கு அனுமதி என்று இருக்கிறது.

குறைந்த 25,000 எப்படி வந்தது? அறை வாடகையில் நாளுக்கு ஆயிரம் வீதம் 3,000. வரம்பை மீறிய அறை என்பதால், பாலிசியில் இதற்கான விதி இருந்தால், மருத்துவர் மற்றும் அரங்குக் கட்டணத்திலும் அதே ஆறில் ஒரு பங்கு, அதாவது 10,000 கழியும். சேராத பொருள்களுக்கு 6,000. இவை 19,000தான். மீதி 6,000 ரூபாய், மருந்திலும் பரிசோதனையிலும் ஆறில் ஒரு பங்கு கழிக்கப்பட்டதால் வந்தது. இந்த விகிதாசாரப் பிடித்தம் மருந்துக்கும் பரிசோதனைக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் பொருந்தாது என்பது ஐஆர்டிஏஐ விதி. எனவே அந்த 6,000 ரூபாய் தவறான பிடித்தம். அது மருத்துவமனையின் பிழையன்று, டிபிஏவின் கணக்குப் பிழை.

இந்த ஒரே கடிதத்தில் உள்ள கேள்விகள் வெவ்வேறு இடங்களுக்குச் செல்ல வேண்டியவை. தவறாகக் கழித்த தொகைக்குக் கோரிக்கை எண்ணுடன் டிபிஏவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதன் நகலை அனுப்புங்கள். சேராத பொருள்களில் நீங்கள் பயன்படுத்தாத ஏதேனும் இருந்தாலோ, காப்பீட்டு நிறுவனத்துடன் மருத்துவமனை ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் வசூலித்ததாகச் சந்தேகம் இருந்தாலோ, முதலில் பில்லிங் பிரிவிடம் கேளுங்கள். மருத்துவமனை மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அறை வரம்பு நியாயமற்றது என்று தோன்றினால் அதை டிபிஏவிடமோ மருத்துவமனையிடமோ வாதிட்டுப் பயனில்லை. அது பாலிசியின் நிபந்தனை, புதுப்பிக்கும்போதுதான் மாற்ற வழியுண்டு.

மருத்துவமனையை விட்டு வெளியேற வேண்டிய அவசரத்தில் மீதித் தொகையைச் செலுத்த நேர்ந்தால், விரிவான பில், ரசீது, அனுமதிக் கடிதம் மூன்றையும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

நான்காம் படி: கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால்

கேஷ்லெஸ் அனுமதி மறுக்கப்பட்டாலும் கோரிக்கை உரிமை போய்விடுவதில்லை. பணம் கட்டிச் சிகிச்சை பெற்று, பின்னர் அசல் ஆவணங்களுடன் ரீஇம்பர்ஸ்மென்ட் கோரலாம். கோரிக்கையே நிராகரிக்கப்பட்டால், பாலிசியின் எந்தப் பிரிவின்கீழ் என்று குறிப்பிடும் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கேட்டுப் பெறுங்கள். 2024 சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க முடியாது. டிபிஏ ஊழியர் தொலைபேசியில் 'கிடைக்காது' என்று சொல்வதை முடிவாக ஏற்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மேல்முறையீடு

காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புவதே முதல் வழி. டிபிஏவிடம் எத்தனை முறை புகார் சொல்லியிருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. ஐஆர்டிஏஐயின் bimabharosa.irdai.gov.in தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். அது அந்த நிறுவனத்துக்கே அனுப்பப்பட்டு, பதில் கண்காணிக்கப்படும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஆம்புட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் அங்கே புகார் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.