என்ஹான்சர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணுவைப் படியெடுக்கும் வேலை புரமோட்டரில் தொடங்குகிறது. எந்தத் திசுவில், எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது தொலைவில் கிடக்கும் டிஎன்ஏ துண்டான என்ஹான்சர். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் புரதங்கள் அதில் அமர்கின்றன. குரோமாட்டின் வளையமாக மடிந்து அதைப் புரமோட்டர் அருகே கொண்டுவருகிறது. இதை நன்றாக விளக்கத் தெரிந்த மாணவர்களே ஆய்வு மேசைக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

மோட்டிஃப் இருந்தால் புரதமும் இருக்கும் என்று எழுதுவது

மோட்டிஃப் என்பது புரதம் அமரக்கூடிய டிஎன்ஏ எழுத்து வரிசை மட்டுமே; பெரும்பாலான மோட்டிஃப்களில் புரதம் இருக்காது. புரதம் எங்கே அமர்ந்திருக்கிறது என்று காட்டும் சிப்-செக் செய்து பாருங்கள்.

பக்கத்து மரபணுதான் இலக்கு என்று முடிவு செய்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவர், மரபணுவின் நடுவே புரதக் குறிப்பு இல்லாத பகுதியான இன்ட்ரானில் இருந்த என்ஹான்சரைக் கிரிஸ்பரால் வெட்டினார். அந்த இன்ட்ரானைக் கொண்ட மரபணுவை மட்டும் அளந்தார். மாற்றமில்லை என்றதும் 'இந்த என்ஹான்சர் வேலை செய்யவில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டார். உறைபெட்டியில் இருந்த அதே ஆர்என்ஏவை எடுத்துச் சுற்றியுள்ள மரபணுக்களையும் அளக்கச் சொன்னேன். இரண்டு மரபணு தள்ளி இருந்த ஒன்று பாதியாகக் குறைந்திருந்தது.

FTO என்ற மரபணுவின் கதையைத் தெரிந்தவர் இப்படி எழுத மாட்டார். 2007இல் உடற்பருமனோடு தொடர்புள்ள மரபு வேறுபாடுகள் FTOவின் முதல் இன்ட்ரானில் கிடைத்தன. அந்த மரபணுவை நீக்கிய எலிகள் மெலிந்தன; சரி, இதுதான் என்று நம்பினார்கள். ஆனால் 2014இல் குரோமாட்டின் தொடர்புகளை அளந்தபோது, அந்த இன்ட்ரான் பகுதி பல லட்சம் டிஎன்ஏ காரங்கள் தள்ளியுள்ள IRX3 என்ற மரபணுவின் புரமோட்டரைத் தொடுவது தெரிந்தது. மனித மூளை மாதிரிகளில் இந்த வேறுபாடுகளோடு சேர்ந்து மாறியதும் IRX3இன் அளவுதான், FTOவின் அளவு அல்ல.

2015இல் காரணமும் புரிந்தது. அந்த இன்ட்ரானில் rs1421085 என்ற இடத்தில் டிஎன்ஏ எழுத்து T இருந்தால் ARID5B என்ற அடக்கும் புரதம் அமர்கிறது. C வந்தால் அதன் பிடி போய்விடுகிறது. கொழுப்பு முன்னோடிச் செல்களில் IRX3, IRX5 இரண்டும் கூடுகின்றன. கொழுப்பை எரிப்பது குறைந்து சேமிப்பது மிகுகிறது. Cயை மீண்டும் Tயாகத் திருத்தியதும் அந்தச் செல்கள் பழைய நிலைக்குத் திரும்பின. FTO தன்னளவில் உடல் எடையைப் பாதிக்கலாம். அதனாலேயே இந்த என்ஹான்சரின் இலக்கு அதுதான் என்று ஆகிவிடாது.

ஆகவே என்ஹான்சரை வெட்டினால் தனக்குள்ளேயே அதிகம் தொடர்புகொள்ளும் குரோமாட்டின் பகுதியான அதே டாட் எல்லைக்குள் இருக்கும் எல்லா மரபணுக்களையும் அளந்துவிடுங்கள். வெட்டும் பகுதி இன்ட்ரானில் இருந்தால், அந்த மரபணுவின் ஆர்என்ஏவிலிருந்து இன்ட்ரான்களை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங் கெடவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வேறு செல் வகையின் வளைய வரைபடத்தை நம்புவது

நம்பாதீர்கள்.

வளையம் தெரிந்தாலே மரபணு இயங்குகிறது என்பது

சில வளையங்கள் மரபணு இயங்கத் தொடங்கும் முன்பே இருக்கின்றன. 2017இல் மனிதப் புற்றுச் செல்களிலிருந்து கொஹீசின் என்ற புரதத்தை நீக்கியபோது அது தாங்கிய வளையங்கள் மறைந்தன. அடுத்த சில மணி நேரத்தில் பெரும்பாலான மரபணுக்களின் இயக்கம் அதிகம் மாறவில்லை. வளையம் தெரிகிறதா, அப்புறம் என்ஹான்சரை முடக்கி ஆர்என்ஏவை அளங்கள். அதற்குப் பிறகு இலக்கின் பெயரை எழுதுங்கள்.