மின்தடையின்போது திருகிய குமிழ்

நுவரெலியாவில் எங்கள் சிகிச்சை நிலையத்துத் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி காலையில் 2 பாகை செல்சியஸ் காட்டியது. அது 2 முதல் 8 வரையான எல்லைக்குள்தான் என்றாலும், வெப்பநிலைப் பதிகருவியில் எச்சரிக்கைக் குறி விழுந்திருந்தது. இரவில் இரண்டு மணிநேரத்துக்கு மேலாக -1.2 பாகை பதிவாகியிருந்தது. முதல்நாள் மின்தடையின்போது 9 பாகையைக் கண்ட நாங்கள் பெட்டியின் வெப்பநிலைக் குமிழை அதிகக் குளிருக்குத் திருப்பியதும், மின்சாரம் வந்தபின் மலைநாட்டு இரவின் குளிரும் சேர்ந்ததுமே காரணம். மின்தடையில் குமிழைத் தொடவே கூடாது.

உறைந்தால் கெட்டுவிடும் பென்டாவலன்ட் தடுப்பூசிக் குப்பிகளை உடனே தனியே வைத்து, "பயன்படுத்தாதீர்" என்று எழுதி, சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தேன். பிறகு அவர் அனுமதியுடன், அதே தொகுதியின் ஒரு குப்பியை முழுதாக உறையவைத்து உருகச்செய்து, சந்தேகக் குப்பிகளுடன் சேர்த்துக் குலுக்கி, அருகருகே அரைமணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டியிருந்த குப்பியில் வெண்துகள்கள், உறையவைத்த குப்பியில் போலவே, விரைந்து படிந்தன. நடுத்தட்டுக் குப்பி சீராகக் கலங்கியே நின்றது. முன்னதன் வரிசை முழுவதையும் ஒதுக்கினோம்.

இந்தச் சோதனை அலுமினியம் சேர்ந்த தடுப்பூசிகளுக்கு மட்டுமே பொருந்தும். போலியோ ஊசிமருந்துக்குப் பொருந்தாது.

இப்போது குப்பிகள் பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே இருக்கின்றன. காலையும் மாலையும் அப்போதைய அளவுடன், இரவின் மிகக் குறைந்த அளவையும் எழுதுகிறோம்.