ரிலீவிங் லெட்டர் வாங்கியதும் தேதியைப் பாருங்கள்

மண்டபத்தில் ஒரு இறால் பதப்படுத்தும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் தம்பிக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன், பழைய வேலையிலிருந்து விடுவித்ததைச் சொல்லும் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். பத்து நாள் பழைய மேனேஜருக்குப் போன் போட்டான். "தர்றேன்ப்பா" என்பதோடு சரி.

அப்புறம் ஹெச்ஆருக்கு மெயில் போடச் சொன்னேன். பணியாளர் எண், பதவி, சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள் நான்கையும் எழுதி, ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலையும் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் படிவத்தையும் இணைத்தான். புது வேலையில் சேரும் தேதியையும் குறிப்பிட்டான். மூன்றாம் நாள் இரண்டு கடிதமும் வந்துவிட்டன.

ஆனால் ரிலீவிங் லெட்டரில் கடைசி வேலை நாள் மார்ச் 31 என்று இருக்க வேண்டிய இடத்தில், ராஜினாமா கொடுத்த மார்ச் 1 இருந்தது! மார்ச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள். புது கம்பெனி சரிபார்க்கும்போது இந்த முரண் கண்ணில் படும். அன்றே திருத்தி வாங்கினோம்.

கடிதம் தாமதமானால் புது கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராஜினாமா ஏற்பு மெயிலையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கொடுத்து அவகாசம் கேட்டால், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.