வலிப்பு டைரியை டாக்டருக்கான ஒரு பக்கமாக மாற்றுவது எப்படி?

குழந்தைக்கு வலிப்பு வந்தால் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீங்களும் ஒரு நோட்டில், மாதக் காலண்டரின் கட்டங்களில், பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் என்று எழுதி வைத்திருப்பீர்கள். ஆனால் சேலத்து ஓ.பி. வரிசையில் உங்கள் முறை வரும்போது மூன்று மாத நோட்டைப் புரட்டிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரே பக்கம்தான் வேலைக்கு ஆகும். அதைத் தயாரிக்க ஒரு பேனாவும், கோடு போட்ட தாளும், வீட்டில் ஒரு மணி நேர அமைதியும் போதும்.

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் எட்டு வயதுப் பெண், எடை 24 கிலோ. அம்மா ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை எழுதியிருக்கிறார். இந்தக் குழந்தையும் கணக்கும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

முதலில் வகை பிரியுங்கள்

நோட்டில் எல்லாமே "ஃபிட்ஸ்" என்றுதான் இருக்கும். அதை அப்படியே எண்ணக் கூடாது. நோயின் பெயரை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம். கண்ணால் பார்த்ததை வைத்துப் பிரித்தால் போதும். இந்தக் குழந்தைக்கு இரண்டு விதம். உடம்பு முழுக்க விறைத்து, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது வகை 1. கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்த்து, வாய் மெல்லுவது போல அசைவது வகை 2. ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று நோட்டில் இருந்தால் அந்த வார்த்தைகளை மாற்றாமல் எடுத்து எழுதுங்கள். எந்த வகை என்று தெரியாத பதிவை "தெரியவில்லை" என்றே தனியாக வையுங்கள்.

பிரித்ததும் கணக்கு இப்படி வந்தது: வகை 1 மொத்தம் 5, வகை 2 மொத்தம் 15.

எவ்வளவு நேரம்?

பெரும்பாலான டைரிகள் தடுமாறும் இடம் இதுதான். ஜனவரி 9 அன்று அம்மா "அரை மணி நேரம் வலிப்பு" என்று எழுதியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால், இழுத்தது இரண்டு நிமிடம் இருக்கலாம்; மீதி நேரம் குழந்தை அசந்து தூங்கியது. இழுப்பு நின்ற பிறகு வரும் தூக்கமும் குழப்பமும் வேறு கணக்கு. இரண்டையும் கூட்டி அரை மணி என்று கொடுத்தால், டாக்டர் அதை உயிருக்கு ஆபத்தான நீண்ட வலிப்பு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் "இழுப்பு" என்று ஒரு நேரம், "பிறகு தெளிய" என்று ஒரு நேரம் எழுதுங்கள். பக்கத்தில் அது எப்படித் தெரிந்தது என்பதையும் குறியுங்கள்: கடிகாரம் பார்த்தது, வீடியோவில் இருப்பது, மனக்கணக்கு. பயத்தில் இருக்கும்போது ஒரு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும். எடுத்துக்காட்டில் வகை 1 ஐந்தில் மூன்றுக்குத்தான் நம்பகமான நேரம் இருந்தது: 2, 2½, 3 நிமிடம். ஒன்று மனக்கணக்கு. மார்ச் 22 விடிகாலை வந்தது எப்போது ஆரம்பித்தது என்று யாருமே பார்க்கவில்லை. அதை "தொடக்கம் பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும், சராசரியில் சேர்க்கக் கூடாது. டாக்டருக்குச் சராசரியைவிட மிக நீண்டது எது என்பதுதான் முக்கியம்.

(இழுப்பு 5 நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும் அப்போது டைரியை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.)

எத்தனை முறை?

மாதவாரியாக எழுதினால் வகை 2 ஜனவரியில் 6, பிப்ரவரியில் 5, மார்ச்சில் 4. குறைந்துவருவது போலத் தெரிகிறதே! ஆனால் மார்ச் 8 முதல் 14 வரை குடும்பம் ஆத்தூரில் உறவினர் வீட்டில் இருந்தது, நோட்டு ஏற்காட்டில் இருந்தது. அந்த ஏழு நாளும் வெற்று. எழுதாத நாள் என்றால் வலிப்பு வராத நாள் என்று பொருள் இல்லை. அப்படியானால் மார்ச்சில் பதிவான நாட்கள் 24 மட்டுமே.

இன்னொரு கோடும் போட வேண்டும்: மருந்தளவு மாறிய தேதி. இங்கே அது பிப்ரவரி 5. அதற்கு முன் 35 நாளில் வகை 1 நான்கு, வகை 2 ஏழு. அதற்குப் பின் பதிவான 48 நாளில் வகை 1 ஒன்று, வகை 2 எட்டு. இப்போது பாருங்கள், பெரிய இழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. வெறித்துப் பார்ப்பது ஐந்து நாளைக்கு ஒன்று என்றிருந்தது ஆறு நாளைக்கு ஒன்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மாதக் கணக்கு இதைக் காட்டவே இல்லை. ஜனவரி 17 அன்று ஒரே காலையில் இரண்டு முறை வந்தது போல அடுத்தடுத்து வந்தவற்றையும் தனியாகச் சொல்லுங்கள்.

மருந்தை எழுதும்போது "5 எம்.எல். இரண்டு வேளை" என்று மட்டும் எழுதாதீர்கள். சிரப்புக்குச் சிரப்பு செறிவு மாறும். பாட்டிலைப் பார்த்து, "வால்ப்ரோயேட் சிரப், 5 எம்.எல்.-இல் 200 மி.கி., முன்பு 5 எம்.எல்., பிப்ரவரி 5 முதல் 7.5 எம்.எல்., இரண்டு வேளை" என்று முழுசாக எழுதுங்கள். குழந்தையின் இப்போதைய எடையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எதனால் வருகிறது?

இந்த அம்மாவின் சந்தேகம் தூக்கம் கெடுவது. வலிப்பு வந்த 13 நாளில் 5 நாள், முந்தின இரவு குழந்தை 11 மணிக்கு மேல்தான் படுத்திருந்தது. இது போதாது. வலிப்பு வராத நாட்களையும் பார்க்க வேண்டும். நல்லவேளை, படுக்கும் நேரத்தை அவர் தினமும் குறித்திருந்தார். பதிவான 83 நாளில் நேரம் கழித்துப் படுத்த இரவுகள் 14; அவற்றை அடுத்து வலிப்பு வந்தது 5 நாள். சரியாகத் தூங்கிய 69 இரவுகளுக்குப் பின் 8 நாள். மூன்றில் ஒன்று எங்கே, ஒன்பதில் ஒன்று எங்கே! சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது.

ஆனாலும் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த ஐந்தில் மூன்று இரவு, சேலத்திலிருந்து கடைசி பஸ்ஸில் ஏறி வந்ததால் ராத்திரி மருந்தும் தாமதம். தூக்கமா மருந்தா என்று இந்த டைரியால் பிரிக்க முடியாது. இரண்டையும் எழுதுங்கள், பிரிப்பது டாக்டர் வேலை. மருந்து விட்டுப்போனது, மருந்து குடித்ததும் வாந்தி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை நோட்டில் எங்கே இருந்தாலும் தவறாமல் எடுத்து எழுதுங்கள். வீட்டில் மருந்து மறந்ததைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

பாட்டி அமாவாசை என்கிறாரா? சண்டை வேண்டாம், அதையும் இதே முறையில் எண்ணிப் பார்க்கலாம். மூன்று அமாவாசையில் ஒன்றில்தான் வந்தது. பக்கத்தில் அதற்கு இடம் தேவையில்லை.

பக்கம் இப்படி இருக்கும்

> வயது 8, எடை 24 கிலோ. பதிவு: ஜனவரி 1 – மார்ச் 31 (மார்ச் 8–14 எழுதவில்லை)
> மருந்து: வால்ப்ரோயேட் சிரப் 200 மி.கி./5 எம்.எல்.; 5 எம்.எல். × 2, பிப்ரவரி 5 முதல் 7.5 எம்.எல். × 2
> வகை 1 (முழு உடம்பு இழுப்பு): மாற்றத்துக்கு முன் 35 நாளில் 4, பின் 48 நாளில் 1. ஜனவரி 17 ஒரே காலையில் 2
> வகை 2 (வெறிப்பு, வாய் அசைவு): முன் 7, பின் 8
> இழுப்பு நேரம், வகை 1: நேரம் தெரிந்தது 3, அதில் நீண்டது 3 நிமிடம், மனக்கணக்கு 1, தொடக்கம் பார்க்காதது 1
> தாமதத் தூக்கத்துக்குப் பின்: 14-இல் 5 (அதில் 3 மருந்தும் தாமதம்). மற்ற நாள்: 69-இல் 8

இதற்குக் கீழே உங்கள் கேள்விகள், இரண்டே இரண்டு. மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஆஸ்பத்திரி சேர நேரமாகும், அதுவரை வீட்டில் கொடுக்க மூக்கில் அடிக்கும் மருந்து ஏதாவது எழுதித் தருவீர்களா? நோட்டையும் கையில் கொண்டு போங்கள். வீடியோ இருந்தால் உள்ளே போகும் முன்பே போனில் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.