அந்த 'நான்' யார்? 'என்று' வரும் வாக்கியங்களை மொழிபெயர்க்கும்போது நேரும் தவறுகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். ஒருநாள் அவர்களுக்கு ஒரு வாக்கியம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்: செல்வி நான் நாளைக்கு வருவேன் என்று சொன்னாள். பாதிக்கு மேல் நோட்டுகளில் ஒரே விடை: 'செல்வி செட் தட் ஐ வில் கம் டுமாரோ.'

ஒரு பையனைக் கூப்பிட்டு, "யாருடா நாளைக்கு வரப்போறது?" என்று கேட்டேன்.

"செல்வி, மிஸ்."

"நீ எழுதியிருக்கிறதுல?"

நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நான், மிஸ்."

அவனுக்குத் தமிழும் புரிந்திருக்கிறது, ஆங்கிலமும் புரிந்திருக்கிறது. இடையில்தான் சறுக்கல். தமிழில் 'என்று' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது, சொன்னவர் வாயிலிருந்து வந்தபடியே நிற்கும். மேற்கோள் குறி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 'நான்', 'நாளைக்கு', 'வருவேன்' மூன்றும் செல்வி நின்ற இடத்திலிருந்து, அவள் பேசிய நேரத்திலிருந்து பார்த்தவை. ஆங்கிலத்தில் 'தட்' போட்டதும் பார்வை சேதி சொல்பவர் பக்கம் வந்துவிடும். 'ஐ' போய் 'ஷீ' வரும், 'வில்' போய் 'வுட்' வரும், நாள் கடந்துவிட்டால் 'டுமாரோ' போய் 'த நெக்ஸ்ட் டே' வரும். பாண்டிச்சேரிப் பக்கம் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே தலைவலிதான். அந்த மொழியும் ஆங்கிலம் மாதிரியே ஆளையும் காலத்தையும் மாற்றுகிறது.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 'செல்வி நான் நாளைக்கு வருவேன் என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்' என்று ஒருவர் எரிச்சலோடு சொன்னால், அந்த 'நான்' செல்வி இல்லை, பேசுகிறவரேதான். அவரைக் கேட்காமலே செல்வி அவர் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டாள். தமிழ் வாக்கியத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எழுத்தில் சந்தேகம் வந்தால் 'என்று' வாக்கியத்தை 'ஆக' வாக்கியமாக மாற்றிப் பாருங்கள். 'தான் வருவதாகச் சொன்னாள்' பொருந்தினால் வருகிறவள் செல்வி, ஆங்கிலத்தில் 'ஷீ'. 'நான் வருவதாகச் சொன்னாள்' பொருந்தினால் வருகிறவர் எழுதுபவர், ஆங்கிலத்தில் 'ஐ'. 'ஆக' வந்துவிட்டால் 'நான்' எப்போதும் சேதி சொல்பவரைத்தான் குறிக்கும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது தவறு வேறு மாதிரி. 'குமார் செட் தட் ஹீ வாஸ் இன் பாண்டிச்சேரி' என்று கொடுத்தால், 'குமார் அவன் பாண்டிச்சேரியில் இருந்தான் என்று சொன்னான்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் இரண்டு இடத்தில் கெட்டுவிட்டது. முதலாவது, 'அவன்' என்றதும் நமக்கு வேறு யாரோ ஒருவன் நினைவுக்கு வருகிறான். குமாரையே குறிக்க 'தான்' இருக்கிறது, அல்லது ஒன்றுமே போடாமல் விட்டுவிடலாம். தமிழில் எழுவாயை விடுவது குற்றமில்லை.

இரண்டாவது, காலம். அந்த 'வாஸ்' உண்மையான இறந்தகாலம் இல்லை. 'செட்' இறந்தகாலம் என்பதால் அதன் பின்னால் இழுபட்டு வந்தது. குமார் போனில் சொன்னது 'பாண்டிச்சேரியில் இருக்கிறேன்' என்பதுதான். எனவே தமிழில் 'பாண்டிச்சேரியில் இருக்கிறேன் என்று சொன்னான்' அல்லது 'பாண்டிச்சேரியில் இருப்பதாகச் சொன்னான்' என்று எழுத வேண்டும். 'இருந்ததாகச் சொன்னான்' என்று எழுதினால், சொன்ன நேரத்துக்கு முன்பே அங்கே இருந்துவிட்டு வந்துவிட்டான் என்றாகும். அதற்கு ஆங்கிலத்தில் 'ஹேட் பீன்' வந்திருக்க வேண்டும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி எளிது. மொழிபெயர்க்கும் முன் நோட்டின் ஓரத்தில், அந்த ஆள் அப்போது வாயால் என்ன சொல்லியிருப்பார் என்று பேச்சுத் தமிழில் எழுதிவிடுங்கள். 'பாண்டில இருக்கேன்' என்று எழுதிவிட்டால் அப்புறம் 'இருந்தான்' வரவே வராது.

'தான்' விஷயத்தில் இடைவெளியும் முக்கியம். 'குமார் தான் வருவதாகச் சொன்னான்' என்று பிரித்து எழுதினால், குமார் தன் வருகையைப் பற்றிச் சொன்னான். 'குமார்தான் வருவதாகச் சொன்னான்' என்று சேர்த்து எழுதினால், சொன்னது வேறு யாருமில்லை, குமார் என்று அழுத்தம் விழுகிறது. கையெழுத்தில் பாதி இடைவெளி விட்டுவிட்டுத் திருத்துபவர் தலையில் கட்டாதீர்கள்.

கேள்விக்கும் கட்டளைக்கும் இந்த 'ஆக' உதவாது. 'வருவாயா' என்பதோடு 'ஆக' சேர்த்துப் பார்த்தால் 'வருவாயாக' என்று வாழ்த்து மாதிரி ஆகிவிடும்! கேள்விக்கு 'என்று கேட்டான்' மட்டும்தான் வழி. கட்டளைக்கு இரண்டு வழி உண்டு: 'உட்கார் என்று சொன்னார்', 'உட்காரச் சொன்னார்'. ஆங்கிலத்து 'டு சிட்' போன்றவற்றுக்கு இரண்டாவதுதான் இயல்பாக வரும்.

எல்லாம் சேர்ந்து வரும் ஒரு பயிற்சியைப் பார்க்கலாம். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் நடப்பதாக நானே எழுதியது. 'த கண்டக்டர் செட் த பஸ் வுட் நாட் ஸ்டாப் அட் ரெட்டிச்சாவடி, ஆஸ்க்ட் வெதர் வீ ஹேட் சேஞ்ச், அண்ட் டோல்ட் அஸ் டு மூவ் இன்சைட்.' ஒரு பெண் எழுதியது: 'பஸ் ரெட்டிச்சாவடியில் நின்றிருக்காது என்று கண்டக்டர் சொன்னார், நாங்கள் சில்லறை வைத்திருந்தோமா என்று கேட்டார், மற்றும் எங்களை உள்ளே போவதற்குச் சொன்னார்.'

'நின்றிருக்காது' என்றால் ஏற்கெனவே போன பஸ்ஸைப் பற்றி யாரோ ஊகிக்கிறார்கள். கண்டக்டர் வாயில் வந்தது 'நிக்காது' என்ற ஒரே சொல். 'வைத்திருந்தோமா' என்பதில் ஆள், காலம் இரண்டும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டன. அவர் 'சில்லறை இருக்கா?' என்று கேட்டிருப்பார். மூன்றாவது, 'டு' கண்ட இடமெல்லாம் 'வதற்கு' போடும் பழக்கம். 'மற்றும்' தேவையே இல்லை. திருத்திய விடை: 'பஸ் ரெட்டிச்சாவடியில் நிற்காது என்று கண்டக்டர் சொன்னார், சில்லறை இருக்கிறதா என்று கேட்டார், எங்களை உள்ளே போகச் சொன்னார்.'

அந்தப் பெண்ணின் விடையில் ஒன்று மட்டும் சரியாக இருந்தது: 'என்று சொன்னார்' என்பதில் ஒற்றுப் போடவில்லை. பலர் 'என்றுச் சொன்னார்' என்று எழுதுவார்கள். 'என்று' என்பதற்குப் பின் வல்லினம் மிகாது. ஆனால் அதையே 'என' என்று சுருக்கினால் 'எனச் சொன்னார்' என்று மிகும், 'நிற்பதாகச் சொன்னார்' என்பதிலும் மிகும்.