திரையில் சரி, தாளில் தப்பு: டிராயிங் டெம்ப்ளேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரியில் முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு வீடு. பிளானை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இன்னா சார், வீட்டைச் சுத்தி திண்ணை கட்டணுமா?" அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது சன்ஷேட் கோடு. விட்டுவிட்டு வரவேண்டிய கோடு முழுக் கோடாக அச்சாகியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் அது அழகாக விட்டுவிட்டுத்தான் தெரிந்தது.

பையன் வரைந்ததில் தப்பில்லை, டெம்ப்ளேட்டில்தான் தப்பு. அதை உருவாக்கியது நான். எங்களுடையது மூன்று பேர் உட்காரும் ஆபீஸ். ஆட்டோகேடில் .dwt கோப்பு ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமாகச் செய்து வைத்தேன். அதில் செய்த தவறுகள் இரண்டு வருடம் ஒவ்வொரு படத்திலும் கூடவே வந்தன. அநேகமாக எல்லாமே ஒரே இடத்தில் பிறந்தவை. தாளில் எத்தனை மில்லிமீட்டர் வரவேண்டும் என்று யோசிக்காமல், திரையில் நன்றாகத் தெரியும் எண்ணை எடுத்துப் போட்டதுதான் காரணம்.

அடியா, மில்லிமீட்டரா?

வேலூர்ப் பக்கம் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் அடி, அங்குலத்தில் பேசுகிறார்கள். அனுமதிக்குப் போகும் படம் மீட்டரில் இருக்க வேண்டும். இதற்காகப் பல ஆபீஸ்களில் இரண்டு டெம்ப்ளேட் வைத்திருப்பார்கள், ஒன்று அங்குலத்தில், இன்னொன்று மீட்டரிலோ மில்லிமீட்டரிலோ. முதல் தவறு இதுதான். ஒன்றில் செய்த கதவு பிளாக்கை, யூனிட் அமைப்பு சரியில்லாமல் இன்னொன்றில் போட்டால் கதவு பல மடங்கு பெரிதாக வந்து நிற்கும், இல்லையென்றால் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

வரைவது ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு யூனிட் என்றால் ஒரு மில்லிமீட்டர். acadiso.dwt-லிருந்து தொடங்குங்கள், acad.dwt-லிருந்து வேண்டாம். `INSUNITS` 4 என்று இருக்கிறதா என்று பாருங்கள், 4 என்பது மில்லிமீட்டர். அடியில் காட்டும் வேலையை டைமன்ஷன் ஸ்டைலிடம் விட்டுவிடலாம். ஒரே சுவருக்கு இரண்டு ஸ்டைல் வைத்துக்கொண்டால் போதும். அடி ஸ்டைலில் `DIMLUNIT` 4, `DIMLFAC` 0.03937008, `DIMZIN` 3. 9144 மில்லிமீட்டர் சுவர் 30'-0" என்று காட்டும். மீட்டர் ஸ்டைலில் `DIMLUNIT` 2, `DIMLFAC` 0.001, `DIMDSEP` புள்ளி.

மீட்டர் ஸ்டைலில் இன்னொரு குழி இருக்கிறது. தசமம் இரண்டு இடம் என்று வைத்தால் பத்தடி அறை 3.048-க்குப் பதிலாக 3.05 என்று வரும். அப்படி மூன்று அறை வரிசையாக இருந்தால் கூட்டுத்தொகை 9.15, ஆனால் மொத்த அளவுக் கோடு 9.14 என்று சொல்லும். படத்தைச் சரிபார்ப்பவர் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தால் உடனே கேட்பார். `DIMDEC` 3 என்று வைத்தால் 3.048 மூன்று சேர்ந்து 9.144 என்று கணக்கு ஒத்துப்போகும்.

எழுத்து ஸ்டைலில் உயரம் போடுவது

நான் செய்ததிலேயே பெரிய தவறு இது. 1:100 படத்தில் எழுத்து தாளில் 2.5 மில்லிமீட்டர் வரவேண்டும் என்றால் வரைபடத்தில் அதன் உயரம் 250. சரி, டெக்ஸ்ட் ஸ்டைலிலேயே 250 என்று போட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்காதே என்று போட்டுவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது, டாய்லெட் டீடெய்ல் வரும்வரை.

எட்டுக்கு ஐந்தடி டாய்லெட்டை அதே தாளில் 1:20-ல் பெரிதாகக் காட்ட வேண்டியிருந்தது. புது டைமன்ஷன் ஸ்டைல் செய்து `DIMSCALE`-ஐ 20 ஆக்கினேன். அம்புக்குறி சரியாகச் சின்னதாயிற்று, எழுத்து அசையவேயில்லை. 250 யூனிட் எழுத்து 1:20-ல் தாளில் 12.5 மில்லிமீட்டர். அம்புக்குறி எறும்பு மாதிரி, எழுத்து சுவரொட்டி மாதிரி. கோளாறை `DIMSCALE`-ல் தேடி அரை நாள் போனது.

காரணம் எளியது. டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் என்று ஒரு எண் இருந்தால், டைமன்ஷன் ஸ்டைல் தன் எழுத்து உயரத்தை ஒதுக்கிவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். பிறகு `DIMSCALE` எழுத்தைத் தொடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. டைமன்ஷன் ஸ்டைல் பெட்டியில் Text பக்கத்துக்குப் போனால் Text height கட்டம் மங்கிப்போய், மாற்ற முடியாமல் இருக்கும். அப்படித் தெரிந்தால் `STYLE` கட்டளைக்குப் போய் அந்த ஸ்டைலின் உயரத்தை 0 ஆக்குங்கள்.

அதன்பிறகு டைமன்ஷன் ஸ்டைலில் எல்லாமே தாளில் வரவேண்டிய அளவு: `DIMTXT` 2.5, `DIMASZ` 2.5. தாள் அளவை வரைபட அளவாக மாற்றுவது `DIMSCALE` ஒன்றுதான். 1:100-க்கு 100, அதாவது எழுத்து 250. 1:20-க்கு 20, எழுத்து 50. இரண்டுமே தாளில் 2.5-தான். ஸ்டைல் பெயரிலேயே இதைச் சொல்லிவிடலாம்: `MTR-100`, `MTR-20`, `FT-100`.

இந்த வேலையையே ஆனோடேட்டிவ் முறையும் செய்யும், சொல்லப்போனால் இன்னும் சுத்தமாக. ஆனால் பாதி ஸ்டைல் அப்படி, பாதி ஸ்டைல் இப்படி என்று ஒரே டெம்ப்ளேட்டில் கலக்க வேண்டாம். மூன்று பேரில் ஒருவருக்காவது எது எது என்று மறந்துபோகும். எங்கள் ஆபீஸில் `DIMSCALE` முறையே போதும் என்று விட்டுவிட்டோம்.

தமிழில் எழுதுவதற்குத் தனி ஸ்டைல் வேண்டும், யூனிகோட் எழுத்துருவோடு. விண்டோஸில் வரும் நிர்மலா யூஐ போதும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த படத்தை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் "தமிழ்" என்பது `jkpo;` என்று தெரியும். பிரிண்ட் கடையில் போய் நின்றபிறகுதான் இது தெரியவரும்.

திண்ணைக்கு வருவோம்

சன்ஷேட்டுக்கு HIDDEN லைன்டைப். acadiso.lin கோப்பில் அதன் ஒரு கோட்டுத்துண்டு 6.35, இடைவெளி 3.175. ஒன்பது மீட்டர் சுவருக்குப் பக்கத்தில் 6.35 மில்லிமீட்டர் துண்டு கண்ணுக்கே தெரியாது, திரையில் முழுக் கோடாகத்தான் இருக்கும். அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், `LTSCALE` 100. திரையில் பளிச்சென்று துண்டு துண்டாக வந்தது.

ஆனால் நாங்கள் பிரிண்ட் எடுப்பது லேஅவுட்டிலிருந்து. அங்கே `PSLTSCALE` 1 என்று இருந்தால் துண்டின் நீளம் தாள் அளவில் கணக்கிடப்படும். 6.35 பெருக்கல் 100, அதாவது ஒரு துண்டே 635 மில்லிமீட்டர். முப்பதடிச் சுவரோ தாளில் 91 மில்லிமீட்டர்தான். ஒரு துண்டுகூட முடிவதற்குள் கோடு முடிந்துவிடுகிறது. மேஸ்திரி அதைத் திண்ணை என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பார்?

டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

```
LTSCALE    0.5
PSLTSCALE  1
MSLTSCALE  1
CELTSCALE  1
CANNOSCALE 1:100
```

இதில் துண்டு தாளில் சுமார் 3.2 மில்லிமீட்டர் வரும், 1:100 வியூபோர்ட்டிலும் 1:20 வியூபோர்ட்டிலும் ஒரே மாதிரி. `MSLTSCALE`-உம் `CANNOSCALE`-உம் மாடல் பக்கத்திலும் அதே தோற்றத்தைத் தருவதற்காக. மாற்றியபின் `REGENALL` ஒரு தடவை. கவனிக்க வேண்டியது, `PSLTSCALE` ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தனித்தனி. டெம்ப்ளேட்டில் ஏ3, ஏ2 என்று இரண்டு லேஅவுட் இருந்தால் இரண்டிலும் போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தபிறகு துண்டுகள் தூசி மாதிரி வந்தால், லைன்டைப் acad.lin-லிருந்து ஏற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் அளவுகள் அங்குலத்தில் இருக்கும், 25.4 மடங்கு சின்னது.

யாராவது ஒரு கோட்டை மட்டும் சரிசெய்யப் போய் `CELTSCALE`-ஐ மாற்றிவிட்டு அப்படியே டெம்ப்ளேட்டைச் சேமித்துவிடுவதும் நடக்கும். அதற்கப்புறம் வரையும் ஒவ்வொரு கோடும் தனி வழியில் போகும்.

லேயர் பற்றிக் கொஞ்சம்

லேயரில் நான் கண்ட தவறு, அதிகம் வைப்பது. நாற்பது லேயர் கொடுத்தால் பையன்கள் நான்கைத்தான் பயன்படுத்துவார்கள். சுவர், தூண், கதவு ஜன்னல், சன்ஷேட், படி, அளவு, எழுத்து, மின்சாரம், தண்ணீர் என்று பன்னிரண்டு பதினைந்தில் வீட்டு வேலை முடிந்துவிடும். நிறமும் கோட்டு வகையும் ByLayer-ஆகவே இருக்கட்டும். பிளாக் செய்யும் பொருட்களை 0 லேயரில் வரையுங்கள், போடும் லேயரின் நிறத்தை அவை எடுத்துக்கொள்ளும். 0 லேயருக்கு அது ஒன்றுதான் வேலை.

Defpoints லேயர் அச்சாகாது. வியூபோர்ட் சட்டத்தை மறைக்கிறேன் என்று அதில் போட்டுப் பழகியவர் ஒரு நாள் அதே லேயரில் செப்டிக் டேங்கையும் வரைந்துவிடுவார், திரையில் இருக்கும், தாளில் இருக்காது. வியூபோர்ட்டுக்கு என்று தனி லேயர் வைத்து அதன் பிரிண்டர் குறியை அணைத்துவிடுங்கள்.

மூன்று கம்ப்யூட்டரில் மூன்று டெம்ப்ளேட்

.dwt கோப்பு வழக்கமாக அந்தந்தப் பயனரின் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் என்னுடையதைத் திருத்தினேன், மற்ற இரண்டும் பழையதாகவே இருந்தன. ஒரு பொதுக் கோப்புறையில் ஒரே கோப்பை வைத்து, மூன்று கம்ப்யூட்டரிலும் Options-இல் Files பக்கத்தில் Template Settings-ஐ அங்கே திருப்ப வேண்டும். அதன் கீழேயே QNEW-க்கு எந்தக் கோப்பு என்றும் சொல்லிவிடலாம்.

டெம்ப்ளேட்டைத் திருத்தினால் பழைய படங்கள் தாமாகத் திருந்தாது. `ADCENTER` வழியாகப் புது ஸ்டைலை இழுத்துப் போடலாம், ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே ஸ்டைல் இருந்தால் பழையதே நிற்கும். பழையதன் பெயரை முதலில் மாற்றிவிட்டு இழுக்க வேண்டும்.

டைட்டில் பிளாக்கில் மாறக்கூடிய எதையும் வெறும் எழுத்தாக அடித்து வைக்காதீர்கள். எங்களுடையதில் "வேலூர் மாவட்டம்" என்று நிரந்தரமாக இருந்தது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபிறகும் ஆற்காடு, வாலாஜா வேலைகள் கொஞ்ச நாள் வேலூர் மாவட்டத்திலேயே கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. இப்போது அது ஒரு அட்ரிபியூட், ஒவ்வொரு படத்திலும் கேட்கும்.

டைட்டில் பிளாக்கின் ஓரத்தில் தாள் அளவில் சரியாக 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறோம். பிரிண்ட் கடையில் பிடிஎஃப்பைத் தாளுக்குப் பொருத்தி அடித்துவிட்டால் அது 96, 97 என்று சுருங்கும். கடையை விட்டு இறங்குவதற்குள் ஸ்கேலை வைத்து அளந்து, குறைந்தால் அங்கேயே திரும்ப அடிக்கச் சொல்லிவிடுவோம்.